நட்சத்திரங்களுக்குக் கீழே அச்சிடப்பட்ட எண்கள்: டெல்லி வீட்டுக்கு ஏ.சி.யும் ஃபிரிட்ஜும் வாங்கும்போது ஸ்டார் லேபிளை எப்படிப் படிப்பது

கரோல் பாக்கிலோ லட்சுமி நகரிலோ ஒரு கடைக்குள் நுழைந்து ஒன்றரை டன் ஏ.சி. கேட்டால், விற்பனையாளர் முதலில் கேட்பது மூன்று ஸ்டாரா ஐந்து ஸ்டாரா என்பதுதான். இரண்டு கம்பெனிகளின் மூன்று ஸ்டார் ஏ.சி.க்கள் ஒரே அளவு மின்சாரத்தைத்தான் இழுக்கும் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணம் சரியல்ல. ஸ்டார் என்பது ஓர் எல்லைக்குள் வரும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாகத் தரப்படும் தரவரிசை. செலவை ஒப்பிடுவதற்கு வேண்டிய எண்கள் அதே லேபிளில் நட்சத்திரங்களுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கின்றன. அவற்றுள் எதை நம்புவது, எதைக் கவனமாகக் கையாள்வது என்பதையும், டெல்லியின் மின்கட்டண முறை அந்தக் கணக்கை எவ்வாறு மாற்றுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இந்த லேபிளை வழங்குவது ஒன்றிய அரசின் எரிசக்தித் திறன் பணியகம், பேச்சுவழக்கில் பி.இ.இ. 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்த அமைப்பு, 2006இல் லேபிள் திட்டத்தைத் தொடங்கியது. அறை ஏ.சி.க்களுக்கான இப்போதைய அளவுகோலின் பெயர் ஐ.எஸ்.இ.இ.ஆர். ஒரு பருவம் முழுவதும் கருவி அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பத்தை, அதற்காக அது செலவிட்ட மின்சாரத்தால் வகுத்தால் கிடைக்கும் விகிதமே அது. நான்கு என்றால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நான்கு யூனிட் வெப்பம் வெளியேறுகிறது என்று பொருள். விகிதம் உயர உயர மின்செலவு குறையும்.

2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி, ஸ்பிளிட் ஏ.சி. ஒன்றுக்கு ஐ.எஸ்.இ.இ.ஆர். 3.80 முதல் 4.39 வரை இருந்தால் மூன்று ஸ்டார், 5.00 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஐந்து ஸ்டார் என்று இருந்தது. மூன்று ஸ்டாரின் கீழ்ப்படியில் நிற்கும் கருவிக்கும் மேல்படியில் நிற்கும் கருவிக்கும் இடையே ஏறத்தாழ 15 சதவீத வேறுபாடு இருக்க முடியும். இரண்டின்மீதும் ஒட்டப்பட்டிருப்பது ஒரே மூன்று நட்சத்திரங்கள்தான்.

அட்டவணையும் காலத்துக்குக் காலம் இறுக்கப்படுகிறது. 4.60 விகிதம் கொண்ட ஏ.சி. 2021இல் ஐந்து ஸ்டார். 2022 ஜூலைக்குப் பின் அதே கருவி நான்கு ஸ்டார். 2026 ஜனவரியில் எல்லைகள் மீண்டும் உயர்ந்தன. இதனால்தான் ஒவ்வொரு லேபிளிலும் அது எந்தக் காலத்துக்குரியது என்று அச்சிட்டிருக்கிறார்கள். கிடங்கில் தேங்கிய சரக்கைத் தள்ளுபடியில் விற்கும்போது, பழைய காலத்தின் ஐந்து நட்சத்திரங்கள் புதிய காலத்தின் நான்கு நட்சத்திரங்களோடு ஒரே வரிசையில் நிற்கும். அப்போது நட்சத்திரங்களை விட்டுவிட்டு ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணை ஒப்பிடுவதே சரியான வழி.

லேபிளில் பெரிய எழுத்தில் இருக்கும் இன்னோர் எண், ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்ற மின்நுகர்வு. வாங்குபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் ஒப்பிடுகிறார்கள். ஃபிரிட்ஜுக்கு அது பெருமளவு பொருந்தும். ஏ.சி.க்கு அப்படியே எடுத்துக்கொண்டால் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். அந்த எண் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் காரணம் விளங்கும். ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஏ.சி. ஓடுவதாகக் கணக்கு வைத்து, வெளி வெப்பநிலை 24 முதல் 43 டிகிரி வரை இந்தியச் சராசரிப்படி அந்த மணிகளைப் பங்கிடுகிறார்கள். ஒவ்வொரு வெப்பநிலையிலும் எவ்வளவு குளிர்ச்சி தேவைப்படும் என்பதை, வாங்குபவரின் அறையை வைத்துக் கணக்கிடுவதில்லை. கருவியின் சொந்தத் திறனை வைத்தே கணக்கிடுகிறார்கள். வெளியே 35 டிகிரி இருக்கும்போது அந்தக் கருவி தன் முழுத் திறனையும் காட்டவேண்டிய அளவுக்கு அறை பெரியது என்பது அடிப்படை அனுமானம். ஆகவே திறன் குறைந்த கருவிக்குச் சிறிய அறையும் திறன் கூடிய கருவிக்குப் பெரிய அறையும் காகிதத்திலேயே ஒதுக்கப்பட்டுவிடுகின்றன.

இங்கேதான் டன் என்ற சொல் கவனத்தைத் திருப்பிவிடுகிறது. ஒரு டன் என்பது 3.517 கிலோவாட்; ஒன்றரை டன் ஏறத்தாழ 5.28 கிலோவாட். ஆனால் ஒன்றரை டன் என்று விற்கப்படும் கருவிகளின் லேபிளில் குளிர்விக்கும் திறன் என்ற வரியைப் பார்த்தால் 4.7 கிலோவாட்டும் இருக்கும், 5.2 கிலோவாட்டும் இருக்கும். திறன் குறைந்த கருவி சிறிய கற்பனை அறையைக் குளிர்விப்பதால், அதன் ஆண்டு யூனிட் எண் தானாகவே குறைந்து தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கடைகளில் காணக்கூடிய வரம்புக்குள் நான் அமைத்துக்கொண்ட எண்கள் இவை. எந்தக் கம்பெனியின் மாடலையும் குறிப்பவை அல்ல. இங்கும் இனியும் ஏ.சி.க்களுக்குச் சொல்லும் ஸ்டார்கள் 2022 ஜூலை அட்டவணைப்படி அமைந்தவை. முதல் ஏ.சி. மூன்று ஸ்டார்: திறன் 4.75 கிலோவாட், ஐ.எஸ்.இ.இ.ஆர். 3.85, லேபிளில் ஆண்டுக்கு 925 யூனிட். இரண்டாவதும் மூன்று ஸ்டார்தான்: திறன் 5.25 கிலோவாட், ஐ.எஸ்.இ.இ.ஆர். 4.20, ஆண்டுக்கு 938 யூனிட். மூன்றாவது ஐந்து ஸ்டார்: திறன் 5 கிலோவாட், ஐ.எஸ்.இ.இ.ஆர். 5.10, ஆண்டுக்கு 735 யூனிட். யூனிட் எண்ணை மட்டும் பார்த்தால் முதல் ஏ.சி. இரண்டாவதைவிடச் சிக்கனமானது. உண்மையில் ஒரே அறையில் இரண்டையும் பொருத்தினால் இரண்டாவதுதான் ஏறத்தாழ 8 சதவீதம் குறைவாக மின்சாரம் எடுக்கும், ஏனெனில் அறைக்குள் வரும் வெப்பம் எந்தக் கம்பெனியின் கருவி மாட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுவதில்லை.

எனவே கணக்கை அறையிலிருந்து தொடங்க வேண்டும். மயூர் விஹாரில் மேல்மாடி ஃபிளாட் ஒன்றில், 35 டிகிரி வெயிலில் 5 கிலோவாட் குளிர்ச்சி கேட்கும் ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் இறுதி முதல் செப்டம்பர் வரை இரவுதோறும் எட்டு மணி நேரம் என்றால் ஏறக்குறைய 1,200 மணி நேரம். பருவம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சராசரிச் சுமை முழுத் திறனில் பாதிக்குச் சற்றுக் கீழே நிற்கும்; அதாவது ஆண்டுக்குச் சுமார் 2,800 யூனிட் அளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். இதை ஒவ்வொரு கருவியின் ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணால் வகுத்தால் முதலாவதுக்கு 727, இரண்டாவதுக்கு 667, மூன்றாவதுக்கு 549 யூனிட் மின்சாரம் வருகிறது. இரண்டு மூன்று ஸ்டார்களுக்கு இடையே 60 யூனிட். நல்ல மூன்று ஸ்டாருக்கும் ஐந்து ஸ்டாருக்கும் இடையே 118 யூனிட். பலர் எதிர்பார்ப்பதைவிட இந்த இரண்டாவது இடைவெளி சிறியது.

இந்த 118 யூனிட்டின் விலை என்ன என்பதில்தான் டெல்லி மற்ற ஊர்களிலிருந்து வேறுபடுகிறது. டெல்லியில் வீட்டு இணைப்புக்கு மாதத்தின் முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் ஒன்றுக்கு 3 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 800 வரை 6.50 என்று அடுக்கடுக்காகக் கட்டணம் ஏறுகிறது. இதற்கு மேல் மின்கொள்முதல் விலைச் சரிக்கட்டல், கூடுதல் தீர்வைகள், மின்வரி ஆகியவை சதவீதமாகச் சேரும். அத்துடன், விண்ணப்பித்துப் பெறும் மானியம் இருக்கிறது. மாதம் 200 யூனிட்டுக்குள் இருந்தால் பில் பூஜ்யம். 201 முதல் 400 வரை இருந்தால் பில்லில் பாதி, அதிகபட்சம் 800 ரூபாய் வரை கழிக்கப்படும். 400ஐத் தாண்டிய மாதத்தில் மானியமே இல்லை. இந்தக் கடைசி விதிதான் ஏ.சி. வாங்குபவர் மனத்தில் வைத்திருக்க வேண்டியது.

மயூர் விஹார் வீட்டில் ஜூன் மாதத்தில் ஏ.சி. தவிர்த்து மின்விசிறி, ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம், தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்ந்து 245 யூனிட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏ.சி. பருவத்தின் மின்சாரத்தில் கால் பங்கு ஜூனில் செலவானால், முதல் ஏ.சி.யோடு மொத்தம் 427, இரண்டாவதோடு 412, ஐந்து ஸ்டாரோடு 382 யூனிட். மின்சாரத்துக்கான அடிப்படைக் கட்டணம் இரண்டாவது ஏ.சி.யோடு 1,578 ரூபாய், ஐந்து ஸ்டாரோடு 1,419 ரூபாய். நேரடி வேறுபாடு 159 ரூபாய்தான். ஆனால் 382 யூனிட்டில் நிற்கும் வீட்டுக்கு 700 முதல் 800 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. 412இல் நிற்கும் வீட்டுக்கு எதுவும் கிடைப்பதில்லை. 30 யூனிட் வேறுபாடு ஒரே மாதத்தில் 900 ரூபாய் அளவுக்கு வித்தியாசத்தை உண்டாக்குகிறது. இப்படி மூன்று மாதங்கள் அமைந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 ரூபாய். இரண்டு கருவிகளுக்கும் விலை வித்தியாசம் 8,000 ரூபாய் என்றால், மூன்று ஆண்டுகளில் அந்தப் பணம் திரும்பிவிடும்.

அதே ஃபிளாட்டின் அடுத்த கதவில் இரண்டு ஏ.சி., கீசர், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் இரண்டு பேர் என்று ஒரு குடும்பம் இருந்து, இந்த ஏ.சி. இல்லாமலே ஜூனில் 330 யூனிட் ஆகிறது என்றால் நிலைமை வேறு. எந்த ஏ.சி.யை வாங்கினாலும் அவர்கள் 400ஐத் தாண்டிவிடுவார்கள். தீர்வைகளையும் சேர்த்து யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால், 118 யூனிட்டின் ஆண்டுச் சேமிப்பு 944 ரூபாய். 8,000 ரூபாய் திரும்ப எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மாறாக, ஏ.சி. இல்லாமல் 150 யூனிட்டில் குடித்தனம் நடத்தும் சிறிய குடும்பம் எந்த ஏ.சி.யோடும் 400க்குள்ளேயே இருக்கும். பாதி மானியம் போக அவர்களுக்கு ஒரு யூனிட்டின் உண்மைச் சுமை 3 ரூபாய்க்கும் கீழே. அவர்களுக்கு ஐந்து ஸ்டாரின் கூடுதல் விலை, அந்த ஏ.சி.யின் ஆயுளுக்குள் திரும்பாது. அந்தக் குடும்பம் 4.20 விகிதம் உள்ள நல்ல மூன்று ஸ்டாரைத் தேடி வாங்குவதே பணக் கணக்கில் சரி என்பது என் கருத்து.

ஆகவே கடைக்குப் போகும் முன் எடுத்துப் பார்க்க வேண்டியது சென்ற ஆண்டின் மே முதல் ஆகஸ்ட் வரையிலான பில்கள். பழைய ஏ.சி.யை மாற்றுபவர்களுக்கு அந்தப் பில்லிலேயே விடை இருக்கிறது: மாத யூனிட் 400க்குச் சற்று மேலே நிற்கிறதா, வெகு தொலைவில் இருக்கிறதா என்பதே கேள்வி. வாடகை வீட்டில் துணை மீட்டர் வைத்து வீட்டுக்காரர் யூனிட்டுக்கு ஒரே விலை வாங்கினால் இந்த அடுக்குகளும் மானியமும் குடியிருப்பவருக்குப் பொருந்தாது. அவர் வாங்கும் விலையை 118ஆல் பெருக்கினால் போதும். சென்னையில் இருக்கும் அண்ணனோ மாமாவோ தம் அனுபவத்தை வைத்துத் தரும் அறிவுரையும் இங்கே அப்படியே பொருந்தாது, ஏனெனில் அங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் வேறு அடுக்குமுறையும், ஆண்டின் பெரும்பகுதி ஏ.சி. ஓடும் வேறு பருவமும் இருக்கின்றன.

இனி, லேபிள் சொல்வதற்கும் வீட்டில் நடப்பதற்கும் இடையே இடைவெளி எங்கே தோன்றுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1,600 மணி நேரக் கணக்கில் பெரும்பகுதி 24 முதல் 32 டிகிரி வரையிலான மிதமான வெளி வெப்பத்தில் அமைந்தது; 35 டிகிரிக்கு மேற்பட்ட நேரம் அதில் சிறு பங்குதான். டெல்லியில் மே, ஜூன் மாதப் பகல்களில் லூ காற்று வீசும்போது 40ஐத் தாண்டுவது வழக்கம். இன்வெர்ட்டர் ஏ.சி.யின் சிறப்பு, அறை குளிர்ந்தபின் கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அரைச் சுமையில் சிக்கனமாக ஓடுவது. திறன் போதாத கருவி அந்த வெயிலில் வேகத்தைக் குறைக்கவே வாய்ப்பில்லாமல் முழு வேகத்திலேயே ஓடும். அப்போது லேபிளில் உள்ள விகிதம் அதற்குக் கிடைக்காது. மேல்மாடியிலும் மேற்குச் சுவர் உள்ள அறையிலும், ஒன்றரை டன் என்ற பெயரில் 4.75 கிலோவாட் கருவியை மாட்டுவது இந்தக் காரணத்தால்தான் தவறாகிறது. பகலிலும் ஓட்டப்போகிறவர்கள் ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணோடு கிலோவாட் எண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சோதனைக்கூடத்தில் அறைக்குள் 27 டிகிரி வைத்துத்தான் அளக்கிறார்கள். வீட்டில் 20இல் வைத்தால் எந்த ஸ்டாரும் காப்பாற்றாது. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்று பி.இ.இ. கூறுகிறது. 2020 ஜனவரி முதல் ஸ்டார் லேபிள் பெறும் அறை ஏ.சி.க்கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட்டிருப்பதும் இதனால்தான். நல்ல மூன்று ஸ்டாருக்கும் ஐந்து ஸ்டாருக்கும் உள்ள 18 சதவீத இடைவெளியை ரிமோட்டில் மூன்று டிகிரியே அழித்துவிடும்.

வாங்கியபின் கருவி சரியாக ஓடுகிறதா என்று அறிய வீட்டு மீட்டரே போதும். இரவு படுக்கும்போது மீட்டரின் யூனிட் எண்ணைக் குறித்து, காலையில் மீண்டும் குறிக்க வேண்டும். ஏ.சி. போடாத ஓர் இரவிலும் அவ்வாறே செய்து கழித்தால் ஏ.சி. மட்டும் எடுத்த யூனிட் கிடைக்கும். லேபிளின் ஆண்டு யூனிட்டை 1,600ஆல் வகுத்தால் மணிக்கு எவ்வளவு என்பது தெரியும். 938 யூனிட் ஏ.சி.க்கு அது 0.59. ஜூன் இரவுகளில் இதைவிடக் கூடுதலாகவும், மழை வந்தபின் குறைவாகவும் இருப்பது இயல்பு. செப்டம்பரின் மிதமான இரவிலும் எண் இறங்காமல் இருந்தால் வடிகட்டியில் தூசி, வெளியே மாட்டிய பெட்டியின் தகடுகளில் புழுதி, வாயுக் கசிவு ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். டெல்லிப் புழுதியில் வெளிப்பெட்டியைப் பருவத் தொடக்கத்தில் கழுவாமல் விட்டால் வெப்பம் வெளியேற வழி அடைபடுகிறது. குறுகிய காற்றுச் சந்துகளில் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிப்பெட்டிகள் மாட்டப்பட்ட கட்டடங்களில், கீழ்ப்பெட்டி தள்ளும் வெந்த காற்றையே மேல்பெட்டி இழுக்கிறது. மேல்மாடிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஃபிரிட்ஜின் கணக்கு இதைவிட எளியது, ஏனெனில் அது ஆண்டு முழுவதும் இரவும் பகலும் ஓடுகிறது. லேபிளின் ஆண்டு யூனிட்டை மணிக் கணக்கால் திருத்த வேண்டியதில்லை. ஆனால் நட்சத்திரங்கள் இங்கேயும் குறுக்கே வருகின்றன. கையால் பனி உருக்கும் டைரக்ட் கூல் வகைக்கும் தானே பனி நீக்கிக்கொள்ளும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகைக்கும் தனித்தனி அட்டவணைகள் உள்ளன. ஒவ்வோர் அட்டவணையிலும் கொள்ளளவு கூடக் கூட அனுமதிக்கப்படும் யூனிட்டும் கூடுகிறது. அதனால் பெரிய இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் நான்கு ஸ்டார் வாங்கிக்கொண்டு, சிறிய ஒற்றைக் கதவு இரண்டு ஸ்டாரைவிட அதிக மின்சாரம் எடுக்க முடியும். ஒரே வகை, ஒரே லிட்டர் என்று வைத்துக்கொண்டு இரண்டு கம்பெனிகளை ஒப்பிடும்போது மட்டுமே நட்சத்திரம் பொருள் தரும். அப்போதும் அதற்குக் கீழே உள்ள யூனிட் எண்ணே துல்லியமானது.

ஒரே அளவில் மூன்று ஸ்டாருக்கும் ஐந்து ஸ்டாருக்கும் ஆண்டுக்கு 45 யூனிட் வேறுபாடு என்று கொண்டால், மாதத்துக்கு நான்கு யூனிட்டுக்கும் குறைவு. குளிர்காலத்தில் 200 யூனிட்டுக்குள் நிற்கும் டெல்லி வீட்டுக்கு அந்த நான்கு யூனிட்டின் விலை பூஜ்யம். ஐந்து ஸ்டாருக்காகப் பல ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பதைவிட, தேவைக்கு மேல் 60 லிட்டர் பெரிதாக வாங்காமல் இருப்பது பெரும்பாலான குடும்பங்களுக்குக் கூடுதல் சேமிப்பு. இட்லி மாவுப் பாத்திரம் வைக்க இடம் வேண்டும் என்பது நியாயமான தேவைதான். அதற்கு உயரமான தட்டு இருக்கிறதா என்று பார்த்தால் போதும், லிட்டரை ஏற்ற வேண்டியதில்லை. அடுப்புக்கு அருகிலோ மேற்கு வெயில் விழும் பால்கனிக் கதவை ஒட்டியோ ஃபிரிட்ஜை வைத்தால், கோடையில் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி லேபிளின் எண்ணை எளிதில் தாண்டிவிடும்.

கடையில் ஒட்டியிருக்கும் லேபிள் கிழிந்தோ பழையதாகவோ இருந்தால், மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு பி.இ.இ.யின் `BEE Star Label` செயலியில் தேடிப் பார்க்கலாம். பதிவு செய்யப்பட்ட திறன், ஐ.எஸ்.இ.இ.ஆர்., ஆண்டு யூனிட், லேபிள் காலம் ஆகியவை அங்கே மாடல்வாரியாக இருக்கும். இணையக் கடைகளின் விவரப் பக்கத்தில் ஒன்றரை டன், மூன்று ஸ்டார் என்று மட்டும் எழுதி, கிலோவாட் எண்ணைத் தராத மாடல்களுக்கும் இதே வழிதான். மாடல் எண்ணின் கடைசி எழுத்துவரை சரிபார்ப்பது அவசியம், ஏனெனில் ஒரே பெயரில் வெளிவரும் இரண்டு ஆண்டு மாடல்களுக்கு அந்த ஓரெழுத்தில்தான் வேறுபாடு இருக்கக்கூடும்.